யாரும் வரவில்லை: ஆங்கிலத்தில் ‘இல்லை’ எங்கே வரும்?

‘நேற்றுக் கூட்டத்துக்கு யாரும் வரவில்லை.’ இதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், பள்ளியில் ஆங்கிலம் படித்த நம்மில் பலருடைய கை ‘எனிபடி டிடின்ட் கம்’ என்றுதான் எழுதும். ‘யாரும்’ என்றால் எனிபடி; ‘வரவில்லை’ என்றால் டிடின்ட் கம். இரண்டு சொல்லும் அகராதிப்படி சரி. ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர் இப்படிச் சொல்லவே மாட்டார். அவர் சொல்வது ‘நோபடி கேம்’. நம் வாக்கியத்தில் கடைசியில் நின்ற ‘இல்லை’, அவர் வாக்கியத்தில் முதல் சொல்லுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது. வினையில் இல்லை என்பதற்கான அடையாளமே கிடையாது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தவறான அந்த வாக்கியம், பள்ளியில் நமக்குச் சொல்லித் தந்த விதியை மீறவே இல்லை. உடன்பாட்டு வாக்கியத்தில் ‘சம்’ வரும், கேள்வியிலும் எதிர்மறையிலும் ‘எனி’ வரும் என்பதுதான் விதி. ‘எனிபடி டிடின்ட் கம்’ எதிர்மறை வாக்கியம், அதில் எனி இருக்கிறது. விதிப்படி முழு மதிப்பெண் தர வேண்டும். இன்னொரு பக்கம், விருந்தாளியிடம் ‘வுட் யூ லைக் சம் காஃபி?’ என்று கேட்கிறோம். அது கேள்வி. விதிப்படி சம் வரக் கூடாது. ஆனால் அதுதான் சரியான, மரியாதையான ஆங்கிலம்.

ஆக, விதி பாதி தூரம்தான் வருகிறது. 1969இல் ராபின் லேகாஃப் என்ற அமெரிக்க மொழியியல் அறிஞர், சம், எனி இரண்டுக்கும் ஒற்றை விதி ஏன் எழுத முடியாது என்று ஒரு கட்டுரையே எழுதினார். வாக்கியம் கேள்வியா எதிர்மறையா என்ற வடிவத்தை மட்டும் பார்த்தால் போதாது, பேசுகிறவர் மனதில் என்ன எதிர்பார்ப்பு இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். நமக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. அந்த எதிர்பார்ப்பைத் தமிழ் தனித்தனிச் சொல்லாகவே பிரித்து வைத்திருக்கிறது.

யாரோ, யாராவது, யாரும்

‘யார்’ என்ற கேள்விச் சொல்லின் வாலில் நாம் மூன்று விதமான ஒட்டுகளைச் சேர்க்கிறோம். ‘ஓ’ சேர்த்தால் யாரோ. ‘ஆவது’ சேர்த்தால் யாராவது. ‘உம்’ சேர்த்தால் யாரும். ஏதோ, ஏதாவது, எதுவும் என்பதும் இதே வரிசைதான். எங்கோ, எங்காவது, எங்கும் என்பதும் அப்படியே. எந்தத் தமிழரும் இவற்றை மாற்றிப் போட்டுப் பேச மாட்டார்.

‘யாரோ வந்திருக்கிறார்கள்’ என்றால் வந்த ஆள் ஒருவர் நிச்சயமாக உண்டு. யார் என்பது மட்டும் தெரியவில்லை. ஆங்கிலத்தில் இது எப்போதும் சம்படி. ஏதோ என்றால் சம்திங், எங்கோ என்றால் சம்வேர். இதில் குழப்பத்துக்கு இடமே இல்லை.

‘யாராவது’ என்னும்போது அப்படி ஒரு ஆள் உண்டா என்பதே தெரியாது. ‘யாராவது வந்தார்களா?’, ‘யாராவது வந்தால் சொல்.’ இந்த இரண்டிலும் ஆங்கிலம் எனிபடி என்கிறது: ‘டிட் எனிபடி கம்?’, ‘இஃப் எனிபடி கம்ஸ், டெல் மீ.’ ஆனால் ‘யாராவது கொஞ்சம் கதவைத் திறங்களேன்’ என்று ஒரு வேலையைச் சொல்லும்போதும் நமக்கு யாராவதுதான். அங்கே ஆங்கிலம் சம்படிக்குத் திரும்பிவிடும்: ‘சம்படி ப்ளீஸ் ஓப்பன் த டோர்.’ ஒருவர் எழுந்து திறக்க வேண்டும் என்பதுதானே நம் எதிர்பார்ப்பு.

‘யாரும்’ என்பது இல்லை என்ற சொல்லுக்காகக் காத்திருக்கும். ‘யாரும்...’ என்று ஒருவர் இழுத்து நிறுத்தினால், அடுத்து ‘இல்லை’, ‘வரவில்லை’, ‘தெரியாது’ என்று ஏதோ வரப்போகிறது என்று நமக்குத் தோன்றும். இதுதான் எதிர்மறை வாக்கியத்தில் வரும் எனி. இதே யாரும் ‘இந்தக் கோயிலுக்குள் யாரும் வரலாம்’ என்று உடன்பாட்டிலும் வருவது உண்டு. அப்போது பொருள் ‘யார் வேண்டுமானாலும்’ என்பது. ஆங்கிலமும் அச்சாக அதே வேலையைச் செய்கிறது: ‘எனிபடி கேன் கம் இன்.’ எனி எதிர்மறைக்கு மட்டும் உரியது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இந்த இடத்தில்தான் திகைப்பார்கள். நம் ‘உம்’ இரண்டு இடத்திலும் வருவதை நினைத்துக்கொண்டால் திகைப்பு இருக்காது.

கேள்வியில் வரும் சம்

வீட்டு வாசலில் பழக்கமில்லாத செருப்பு ஒரு ஜோடி கிடக்கிறது. உள்ளே நுழைந்துகொண்டே அம்மாவிடம் என்ன கேட்போம்? ‘யாரோ வந்திருக்காங்களா?’ என்போம். செருப்பைப் பார்த்துவிட்டோம், ஆள் வந்திருப்பது பாதி உறுதியாகிவிட்டது. அதுவே நாள் முழுக்க வெளியே இருந்துவிட்டுப் போனில் கேட்டால், ‘இன்னைக்கு யாராவது வந்தாங்களா?’ என்போம். கையில் எந்தத் தடயமும் இல்லை.

ஆங்கிலத்திலும் இதே வித்தியாசம்தான். முதல் கேள்வி ‘ஹேஸ் சம்படி கம்?’ இரண்டாவது ‘டிட் எனிபடி கம் டுடே?’ இரண்டும் கேள்விகள், இரண்டும் சரியான ஆங்கிலம். ‘ஆமாம்’ என்ற பதிலைப் பேசுகிறவர் எதிர்பார்க்கிறார் என்றால் சம் வரும். எந்தப் பதிலானாலும் சரி என்ற திறந்த மனதோடு கேட்டால் எனி வரும்.

காபிக்குச் சம் ஏன் வருகிறது என்பதும் இதனால்தான். ‘வுட் யூ லைக் சம் காஃபி?’ என்று கேட்பவர், நீங்கள் சரி என்பீர்கள் என்று வைத்துக்கொண்டு கேட்கிறார். நாம் ‘காபி சாப்பிடுறீங்களா?’ என்று கேட்டபடியே அடுப்படிக்கு நடக்கிறோமே, அந்தத் தொனி. அதே இடத்தில் ‘டூ யூ வாண்ட் எனி காஃபி?’ என்றால் தவறில்லை. ஆனால் வேண்டுமா வேண்டாமா என்று கணக்கெடுக்கிற தொனி கொஞ்சம் வந்துவிடும். உதவி கேட்கும்போதும் இப்படியே. ‘குட் யூ லெண்ட் மீ சம் மணி?’ என்பவர் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் கேட்கிறார்.

‘இல்லையா’ என்று முடியும் கேள்விகளில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். ‘பால் கொஞ்சம்கூட இல்லையா?’ என்று ஏமாற்றத்தோடு கேட்டால் ‘இஸ்ன்ட் தேர் எனி மில்க்?’ ‘ஃப்ரிட்ஜில் கொஞ்சம் பால் இருக்குமே, இல்லையா?’ என்று நினைவுபடுத்தினால் ‘இஸ்ன்ட் தேர் சம் மில்க் இன் த ஃப்ரிட்ஜ்?’ முதல் கேள்விக்காரர் இல்லை என்ற முடிவுக்கு ஏறக்குறைய வந்துவிட்டார். இரண்டாமவர் இருக்கிறது என்று நம்புகிறார்.

எனிக்கு இடப்பக்கம் பாருங்கள்

இனி முதலில் பார்த்த தவறுக்கு வருவோம். ‘எனிபடி டிடின்ட் கம்’ தவறு. அதே மூன்று சொற்களை வரிசை மாற்றிக் கேள்வியாக்குங்கள்: ‘டிடின்ட் எனிபடி கம்?’ யாரும் வரவில்லையா என்று பொருள். இது முழுக்கச் சரி. சொல் எதுவும் கூடவில்லை, குறையவில்லை. டிடின்ட் என்ற சொல் எனிபடிக்கு முன்னால் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

முழு ரகசியமும் இந்த வரிசையில் இருக்கிறது. எதிர்மறையிலும் கேள்வியிலும் வரும் எனி, தனக்கு முன்னால் ஒரு காரணம் இருந்தால்தான் நிற்கும். எழுதும்போது பார்த்தால், இடப்பக்கத்தில் ஒரு நாட், ஒரு நெவர், ஒரு இஃப், அல்லது கேள்வியைத் தொடங்கிவைக்கும் டூ, டிட் போன்ற சொல் இருக்க வேண்டும். ‘ஐ டிடின்ட் சீ எனிபடி’ சரி, ஏனென்றால் டிடின்ட் இடப்பக்கம் இருக்கிறது. ‘டிட் எனிபடி கம்?’ சரி, டிட் முன்னால் வந்துவிட்டது. ‘எனிபடி டிடின்ட் கம்’ என்பதில் எனிபடிக்கு இடப்பக்கம் வெறுமையாக இருக்கிறது. நாட் வந்து சேர்வதற்குள் நேரம் கடந்துவிட்டது.

தமிழில் இந்தக் கவலையே கிடையாது. நம் வினை கடைசியில்தான் வரும், இல்லை என்பதும் வினையோடு கடைசியில்தான் வரும். யாரும், எதுவும், எங்கும் எல்லாம் அதற்கு முன்னால்தான் நின்றாக வேண்டும். கேட்பவரும் வாக்கியம் முடியும்வரை காத்திருந்து பழகியவர். ‘யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை’ என்ற வாக்கியத்தில் மூன்று ‘உம்’ வரிசையாக நிற்கின்றன. கடைசியில் வரும் ஒரே ஒரு ‘இல்லை’ மூன்றையும் பார்த்துக்கொள்கிறது.

ஆங்கிலத்திலும் ஒரே ஒரு இல்லைதான், ஆனால் அது முதல் வாய்ப்பிலேயே வந்துவிடும். ‘நோபடி டோல்ட் எனிபடி எனிதிங்.’ முதல் ‘யாரும்’ நோபடி ஆனது. அதற்கு வலப்பக்கம் வருவதெல்லாம் எனி. தமிழ் வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் இருந்த இல்லையை எடுத்து, ஆங்கில வாக்கியத்தின் முதல் ‘உம்’மில் வைத்தோம். வினை ‘டோல்ட்’ என்று உடன்பாடாகவே நிற்கிறது.

இந்த இடமாற்றத்தில் இரண்டு விதமாகச் சறுக்கலாம். இல்லையை முன்னால் கொண்டுபோகாமலே விட்டால் ‘எனிபடி டிடின்ட் கம்’. முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டுப் பின்னால் இருப்பதை எடுக்க மறந்தால் ‘நோபடி டிடின்ட் கம்’. இரண்டாவது தவறு வருவதற்குக் காரணம், யாரும் என்றாலே நோபடி என்று மனப்பாடம் செய்திருப்பது. நம் ‘யாரும்’ என்ற சொல்லுக்குள் இல்லை கிடையாது. நோபடி என்ற சொல்லுக்குள் இருக்கிறது. அதனால்தான் நோபடியோடு டிடின்ட் சேர்ந்தால் இல்லை இரண்டாகிவிடுகிறது. இன்றைய எழுத்து ஆங்கிலத்தில் அதற்கு ‘வராதவர் எவரும் இல்லை’ என்று பொருள் போய்விடும். அதாவது எல்லோரும் வந்தார்கள்!

ஆங்கிலம் எப்போதும் இப்படிக் கண்டிப்பாக இருந்ததில்லை. 14ஆம் நூற்றாண்டில் சாசர் எழுதிய ஆங்கிலத்தில் ஒரே வாக்கியத்தில் இரண்டு, மூன்று எதிர்மறைகள் சாதாரணமாக வரும். அவை ஒன்றையொன்று அழுத்திச் சொல்லவே பயன்பட்டன. பின்னாளில் எழுத்து வழக்கில் அது மெல்ல மறைந்தது. 18ஆம் நூற்றாண்டில் ராபர்ட் லவுத் போன்ற இலக்கணக்காரர்கள், இரண்டு எதிர்மறை சேர்ந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும் என்று விதியாகவே எழுதிவைத்தார்கள். லண்டனிலும் அமெரிக்காவிலும் பல வட்டாரப் பேச்சுகளில் பழைய வழக்கம் இன்றும் உயிரோடு இருக்கிறது. திரைப்படங்களிலும் பாடல்களிலும் ‘ஐ டிடின்ட் டூ நத்திங்’ என்று கேட்டால் வியக்க வேண்டாம், ‘நான் ஒண்ணுமே செய்யல’ என்றுதான் பொருள். ஆனால் விண்ணப்பத்திலும் தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் அது செல்லாது.

ஒரு கடிதம்

ஒரு குடியிருப்போர் சங்கத்தின் செயலர் தண்ணீர் வராதது பற்றிப் புகார் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மனதில் தமிழில் ஓடுவது இதுதான்: ‘எங்களுக்கு எந்த அறிவிப்பும் தரப்படவில்லை. போன் செய்தோம், யாரும் எடுக்கவில்லை. எங்கள் கடிதங்கள் எதற்கும் பதில் வரவில்லை. யாரிடமும் சொல்லாமல் குழாயை அடைத்துவிட்டார்கள்.’ நான்கு வாக்கியம், நான்கிலும் ‘உம்’.

முதல் வாக்கியத்தை அப்படியே மாற்றினால் ‘எனி நோட்டீஸ் வாஸ் நாட் கிவன் டு அஸ்.’ அலுவலகக் கடிதங்களில் மிக அதிகமாகக் கண்ணில் படும் தவறு இதுதான். எனிக்கு இடப்பக்கம் ஒன்றுமில்லை, நாட் வலப்பக்கம் நிற்கிறது. சரிசெய்ய இரண்டு வழிகள் உண்டு. எனியையும் நாட்டையும் சேர்த்து ‘நோ’ ஆக்கலாம்: ‘நோ நோட்டீஸ் வாஸ் கிவன் டு அஸ்.’ இல்லையென்றால் வேறு எழுவாயைக் கொண்டுவந்து, நாட் முன்னால் வரும்படி செய்யலாம்: ‘வி டிடின்ட் கெட் எனி நோட்டீஸ்.’ புகார்க் கடிதத்தில் முதல் வழி அழுத்தமாக இருக்கும், பேச்சில் இரண்டாவது இயல்பாக இருக்கும்.

இரண்டாவது வாக்கியத்தில் ‘யாரும்’ எழுவாய். அதனால் வேறு வழியில்லை, நோபடிதான்: ‘வி கால்ட், பட் நோபடி பிக்ட் அப் த ஃபோன்.’ பிக்ட் அப் உடன்பாடாக இருப்பதைப் பாருங்கள். தமிழில் ‘எடுக்கவில்லை’ என்று எழுதிய கை இங்கே டிடின்ட் போடத் துடிக்கும், போடக் கூடாது.

மூன்றாவது, ‘எங்கள் கடிதங்கள் எதற்கும்.’ கடிதங்கள் என்ற கூட்டத்தில் ஒன்றுக்குக்கூடப் பதில் இல்லை. இங்கேதான் ‘நன்’ வருகிறது: ‘நன் ஆஃப் அவர் லெட்டர்ஸ் வாஸ் ஆன்ஸர்ட்.’ நாட்டை முன்னால் வைத்தால் ‘வி டிடின்ட் கெட் எ ரிப்ளை டு எனி ஆஃப் அவர் லெட்டர்ஸ்’ என்றும் எழுதலாம்.

நான்காவதில் இல்லை என்ற சொல்லே கிடையாது, ‘சொல்லாமல்’ என்பதற்குள் ஒளிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் அது வித்தவுட்: ‘தே ஷட் த வால்வ் வித்தவுட் டெல்லிங் எனிபடி.’ வித்தவுட் என்ற சொல்லுக்குள் எதிர்மறை இருப்பதால், அதன் வலப்பக்கம் எனி தாராளமாக வருகிறது. அங்கே ‘நோபடி’ எழுதினால் மறுபடி இல்லை இரண்டாகிவிடும்.

இப்படி நாட் இல்லாமலே எதிர்மறையாக நடந்துகொள்ளும் சொற்களையும் இடங்களையும் 1964இல் எட்வர்ட் கிளிமா என்ற மொழியியல் அறிஞர் விரிவாக ஆராய்ந்தார். வித்தவுட், நெவர், ஹார்ட்லி, மறுத்தார் என்ற பொருளில் வரும் ரிஃப்யூஸ்ட் ஆகியவை நாம் அன்றாடம் சந்திப்பவை. ‘ஹீ ரிஃப்யூஸ்ட் டு சே எனிதிங்’ என்றால் எதையும் சொல்ல மறுத்துவிட்டார். ‘தேர் இஸ் ஹார்ட்லி எனி வாட்டர்’ என்றால் தண்ணீர் இருக்கிறது என்று சொல்லும்படியாகவே இல்லை. இந்தச் சொற்களோடு இன்னொரு நாட் சேர்க்கத் தேவையில்லை. தமிழிலும் ‘எதையும் சொல்ல மறுத்துவிட்டார்’ என்று ‘உம்’ இயல்பாக வருவதைக் கவனியுங்கள். நம் ‘உம்’ வருகிற இடம் ஆங்கில எனியின் இடமாக இருக்க வாய்ப்பு மிக அதிகம்.

நோவும் நன்னும்

நோ, நன் இரண்டும் ஒரே சொல்லின் இரண்டு உருவங்கள். பழைய ஆங்கிலத்தில் ‘இல்லை’ என்பதற்கான ஒரு சிறு சொல்லும் ‘ஒன்று’ என்பதற்கான சொல்லும் சேர்ந்து பிறந்தது நன். பொருள், ஒன்றும் இல்லை. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வேகமாகச் சொல்லும்போது கடைசி ‘ன்’ தேய்ந்து நோ ஆனது. மை, மைன் என்ற ஜோடியும் இப்படிப் பிரிந்ததுதான். அதனால் பயன்பாடும் ஒன்றுபோலவே இருக்கிறது. ‘மை புக்’ என்கிறோம், தனியாக வந்தால் ‘மைன்’. அதுபோல ‘நோ புக்ஸ்’ என்கிறோம், தனியாக வந்தால் ‘நன்’.

‘ஐ ஹேவ் நோ மணி’ என்று சொல்லலாம், ‘ஐ ஹேவ் நன் மணி’ என்று சொல்ல முடியாது. ‘ஆஃப்’ என்ற சொல் பின்னால் வந்தால் நன்தான் வரும்: நன் ஆஃப் தெம், நன் ஆஃப் மை ஃபிரண்ட்ஸ். அதற்குப் பின் வரும் வினை ஒருமையாகவும் இருக்கலாம், பன்மையாகவும் இருக்கலாம். ‘நன் ஆஃப் தெம் இஸ்’, ‘நன் ஆஃப் தெம் ஆர்’ இரண்டையும் நல்ல எழுத்தாளர்கள் எழுதுகிறார்கள். இரண்டே பேர், இரண்டே பொருள் என்றால் மட்டும் நன் வராது, நீதர் வரும். அப்பா, அம்மா இருவருமே வரவில்லை என்றால் ‘நீதர் ஆஃப் தெம் கேம்’. நோவோடு எனியை ஒட்டி ‘ஐ ஹேவ் நோ எனி டவுட்’ என்று எழுதுவதும் நம்மிடையே உண்டு. ‘நோ’ என்றாலே ‘நாட் எனி’ என்றுதான் பொருள். இரண்டையும் சேர்க்க இடமில்லை. ‘ஐ ஹேவ் நோ டவுட்’ அல்லது ‘ஐ டோன்ட் ஹேவ் எனி டவுட்.’

பதில் சொல்லும்போது நன், நோபடி, நத்திங் மூன்றில் எதை எடுப்பது என்று தடுமாறினால், கேள்வியைக் கேளுங்கள். எத்தனை, எவ்வளவு என்று கேட்டால் பதில் நன். யார் என்று கேட்டால் நோபடி. என்ன என்று கேட்டால் நத்திங். ‘டப்பாவில் என்ன இருக்கிறது?’ நத்திங். ‘சர்க்கரை எவ்வளவு மிச்சம்?’ நன்.

சில கேள்விகள், எந்தக் கேள்வியும்

எதிர்மறை வாக்கியத்தில் சம் வரவே கூடாது என்றும் இல்லை. வரும், ஆனால் பொருள் வேறாகும். தேர்வு எழுதிவிட்டு வரும் மகள் ‘சில கேள்விகள் புரியவில்லை’ என்கிறாள். ‘ஐ டிடின்ட் அண்டர்ஸ்டேண்ட் சம் ஆஃப் த கொஸ்டியன்ஸ்.’ மற்றவை புரிந்தன, கவலை கொஞ்சம்தான். சம்முக்குப் பதில் எனி போட்டால் ‘எந்தக் கேள்வியும் புரியவில்லை’ என்று ஆகிவிடும். எதிர்மறை என்றாலே எனி என்று கண்ணை மூடிக்கொண்டு போடுகிறவர் இந்த இடத்தில் தன்னை அறியாமலே செய்தியை மாற்றிவிடுவார். சம் என்பது நாட்டின் பிடிக்குள் போவதில்லை; அது தனியாக நின்று, இன்னின்ன சில என்று ஒரு பகுதியைச் சுட்டுகிறது. எனி நாட்டின் பிடிக்குள் அடங்கி, ஒன்றுகூட இல்லை என்கிறது. தமிழில் ‘சில’, ‘எந்த... உம்’ என்று சொல்லே வேறாக இருப்பதால் எதைச் சொல்ல வருகிறோம் என்பது நமக்கே தெரியும்.

‘ஆமாம், இல்லை’

கடைசியாக, பேச்சில் அடிக்கடி இடறும் ஓர் இடம். ‘உங்களிடம் பணம் எதுவும் இல்லையா?’ என்று ஒருவர் கேட்கிறார். இல்லையென்றால் நாம் ‘ஆமாம், இல்லை’ என்கிறோம். கேட்டவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்வதற்கு அந்த ஆமாம். அதையே ‘டோன்ட் யூ ஹேவ் எனி மணி?’ என்ற ஆங்கிலக் கேள்விக்கு ‘யெஸ், ஐ டோன்ட் ஹேவ்’ என்று மாற்றினால் கேட்டவர் குழம்பிவிடுவார். ஆங்கில யெஸ், நோ இரண்டும் கேட்டவரை ஒப்புக்கொள்வதற்காக வருவன அல்ல. பணம் இருக்கிறதா இல்லையா என்ற நிலையை மட்டுமே சொல்கின்றன. இருந்தால், கேள்வி எப்படி இருந்தாலும் ‘யெஸ், ஐ ஹேவ் சம்.’ இல்லாவிட்டால் ‘நோ, ஐ டோன்ட் ஹேவ் எனி.’ யெஸ் என்றால் பின்னால் சம், நோ என்றால் பின்னால் நாட் எனி என்று ஜோடியாகவே பழகிக்கொள்வது நல்லது. வங்கியிலோ விமான நிலையத்திலோ ‘டோன்ட் யூ ஹேவ் எனி அதர் பேக்ஸ்?’ என்று கேட்கும்போது, வேறு பை இல்லாதவர் யெஸ் என்று சொல்லிவிட்டால் அதிகாரி அந்த இன்னொரு பையைக் காட்டச் சொல்வார்.

இத்தனையையும் எழுதும்போது நினைவில் வைக்க முடியுமா என்றால், வைக்கத் தேவையில்லை. எழுதி முடித்த பிறகு எனி வரும் இடங்களில் மட்டும் ஒரு கோடு போட்டு, அதன் இடப்பக்கம் பாருங்கள். அங்கே நாட், நெவர், வித்தவுட், இஃப், கேள்வியைத் தொடங்கும் டூ, டிட் இவற்றில் ஒன்று இருந்தால் விட்டுவிடலாம். இடப்பக்கம் வெறுமையாக இருந்து, வலப்பக்கம் நாட் நின்றால், இரண்டையும் சேர்த்து நோ, நோபடி, நத்திங், நன் ஆக்கி முன்னால் வையுங்கள். வினையில் இருந்து நாட்டை எடுத்துவிடுங்கள். இரண்டு பக்கமும் எதிர்மறையே இல்லையென்றால், நீங்கள் சொல்ல வந்தது ‘எது வேண்டுமானாலும்’ என்பதுதானா என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். ஆமாம் என்றால் எனி இருக்கட்டும். ‘ஏதோ ஒன்று’ என்றால் அங்கே சம்மை எழுதுங்கள்.